பாக்கியில் 2,71,570 வித்தியாசம்: மார்ச் 31-க்குள் பார்ட்டிக்கு ஸ்டேட்மென்ட் எப்படி அனுப்புவது?

திருப்பூர் பாலிபேக் (8 மார்ச் 2025)

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் பிரிண்டட் பாலிபேக் யூனிட் நடத்துகிறேன். பனியன், டி-ஷர்ட் போட்டு எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்புகிற கவர்தான். மூன்று வருஷமாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு சப்ளை போகிறது, வருஷத்துக்கு ஏறக்குறைய 38 லட்சம் வியாபாரம். நல்ல பார்ட்டி. பணம் தாமதமாகும், ஆனால் வந்துவிடும்.

வருஷக் கடைசிக்குள் பாக்கிக் கணக்கை ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்கி வைக்கும்படி ஆடிட்டர் சொன்னார். போன வாரம் லெட்டர்பேடில், "28.02.2025 தேதியில் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.8,64,310. சரி என்றால் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று எழுதி மெயில் போட்டேன். நான்கு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "எங்கள் கணக்கில் 5,92,740."

வித்தியாசம் 2,71,570. போன் போட்டால் அக்கவுண்ட்ஸில் "பர்ச்சேஸைக் கேளுங்கள்" என்கிறார்கள், பர்ச்சேஸில் "அக்கவுண்ட்ஸைக் கேளுங்கள்" என்கிறார்கள். எனக்கு இது மூன்று மாச மெட்டீரியல் காசு. சண்டை போடாமல் இதை எப்படி முடிப்பது?

ஈரோடு மஞ்சள்

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்? ஸ்டேட்மென்ட்டின் அடியில், "15 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் மேற்படி பாக்கியை நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்" என்று ஒரு வரி போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடுங்கள். நாங்கள் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறோம். பதில் வராவிட்டால் நம் கணக்குத்தான் சரி.

வேலூர்க்காரன்

பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கஸ்டமருக்கு அனுப்பாதீர்கள். நம்முடைய மற்ற பார்ட்டிகளின் பெயர், தொகை எல்லாம் அதில் தெரியும். போன வருஷம் என் தம்பி அப்படி அனுப்பிவிட்டுப் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டான்.

திருப்பூர் பாலிபேக்

@வேலூர்க்காரன் அது இல்லைங்க, நான் சொல்வது பார்ட்டியின் லெட்ஜர் ஸ்டேட்மென்ட். பேங்க் விவரம் எதுவும் அதில் போகாது.

@ஈரோடு மஞ்சள் அந்த வரியைப் போட்டேன் அண்ணே. அவர்கள்தான் மறுத்துப் பதில் அனுப்பிவிட்டார்களே.

பழைய கணக்கர்

தம்பி, முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன் நான். நீங்கள் அனுப்பியது ஸ்டேட்மென்ட் இல்லை, ஒரு தொகை மட்டும். வெறும் தொகைக்கு வெறும் தொகைதான் பதிலாக வரும். அவர்கள் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை, நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு வேண்டியது இரண்டு லெட்ஜர். அவர்களைப் பற்றிய உங்கள் லெட்ஜர் ஒன்று, உங்களைப் பற்றிய அவர்கள் லெட்ஜர் ஒன்று. இரண்டும் 01.04.2024 முதல் 28.02.2025 வரை, ஆரம்ப இருப்போடு இருக்கட்டும். உங்களுடையதை முதலில் அனுப்பிவிட்டு, "இதே காலத்துக்கு எங்கள் லெட்ஜரை உங்கள் சிஸ்டத்தில் இருந்து எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பாக்கியைப் பற்றி அந்த மெயிலில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வந்ததும் முதல் வேலை ஆரம்ப இருப்பைப் பார்ப்பது. அது ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தில் ஒரு பகுதி போன வருஷத்தில் இருக்கிறது. இந்த வருஷ பில்லையெல்லாம் எத்தனை முறை புரட்டினாலும் அது கிடைக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்க்காமல் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

அப்புறம் அவர்கள் கிரெடிட்டை உங்கள் டெபிட்டோடு, அவர்கள் டெபிட்டை உங்கள் கிரெடிட்டோடு வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே போங்கள். இரண்டு பக்கமும் டிக் விழாமல் நிற்பதுதான் உங்கள் 2,71,570. பத்து வரிக்கு மேல் நிற்காது.

ஒன்று விட்டுவிட்டேன். கட்-ஆஃப் பிப்ரவரி 28 ஆகவே இருக்கட்டும், மார்ச் 31-க்கு மாற்றாதீர்கள். மார்ச் கடைசியில் வழியில் இருக்கும் சரக்கு, வழியில் இருக்கும் பணம் என்று புது வித்தியாசங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரியை முதலில் பூட்டுங்கள். மார்ச் மாதத்துக்கு நான்கைந்து பதிவுதான் வரும், அதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

@ஈரோடு மஞ்சள், அந்த 15 நாள் வரி பற்றி: கோர்ட்டில் ஒரு வலுவுக்கு அதைக் காட்டலாம். ஆனால் பதில் சொல்லாமல் இருந்தது ஒப்புக்கொண்டதாகிவிடாது. காலாவதிச் சட்டம் 18-ம் பிரிவு கேட்பது, கடன்பட்டவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்துப் போட்ட எழுத்து. நாம் எழுதிய வரி நமக்கே சாட்சியாக முடியாது.

ஈரோடு மஞ்சள்

எங்கள் ஆடிட்டர் அந்த லெட்டரை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் கையெழுத்துப் போடுகிறாரே?

சிஏ ஃபைனல் படிப்பவள்

அண்ணா, ஆடிட்டுக்கும் வசூல் கேஸுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆடிட்டில் நெகட்டிவ் கன்ஃபர்மேஷன் என்று ஒரு முறை உண்டு, ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் பதில் எழுதச் சொல்வது. சின்னச் சின்ன பாக்கிகள் நிறைய இருந்து, தப்பு வர வாய்ப்பும் குறைவாக இருந்தால் ஆடிட்டர் அதை ஏற்கலாம். அது அவருடைய சோதனைக்குத்தான் பயன்படும். கடனை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

பாலிபேக் அண்ணாவுக்கு: டிடிஎஸ் பார்த்தீர்களா? எங்கள் ஆபீஸில் வித்தியாசம் என்று வந்தாலே பாதி, வாங்குபவர் பில் தொகையில் பிடித்துக்கொள்ளும் 194Q வரிதான்.

திருப்பூர் பாலிபேக்

அவர்களுக்கு நான் வருஷத்துக்கு 50 லட்சம் தாண்டுவதில்லைம்மா, அதனால் 194Q வராது. இருந்தாலும் என் கணக்கில் பிடித்த வரியைக் காட்டும் 26AS எடுத்துப் பார்த்தேன், அவர்கள் பெயரில் ஒன்றும் இல்லை.

லெட்ஜர் கேட்டு இன்று மெயில் போட்டுவிட்டேன்.

எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்

நான் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், வேறு கம்பெனி. சப்ளையர் லெட்ஜர் முந்நூறுக்கு மேல் என் கையில் இருக்கிறது. மார்ச்சில் ஒரு நாளைக்கு முப்பது மெயில், எல்லாம் "பாக்கியைக் கன்ஃபர்ம் செய்யவும்" என்றுதான் வரும். எதை முதலில் எடுப்பேன் என்று சொல்கிறேன்.

எக்ஸெல் ஷீட்டாக வந்தால் எடுப்பேன். பிடிஎஃப் வந்தால் நானே டைப் அடிக்க வேண்டும், அதனால் தள்ளிப் போகும். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே எங்கள் பிஓ நம்பர் இருந்தால் எடுப்பேன், ஏனென்றால் எங்கள் சிஸ்டத்தில் பிஓ-வை வைத்துத்தான் தேட முடியும். உங்கள் பில் நம்பரை எங்கள் பையன் "பிபி/0412" என்பதை "412" என்று அடித்திருப்பான், அதை வைத்துத் தேடினால் கிடைக்காது. டெலிவரி சலானில் எங்கள் செக்யூரிட்டி போட்ட இன்வார்டு சீல் நம்பரும் இருந்தால் இன்னும் சுலபம்.

பணம் வந்த வரிகளில் யுடிஆர் நம்பர் போடுங்கள். தேதியும் தொகையும் மட்டும் இருந்தால் போதாது, ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பியிருப்போம்.

திருப்பூர் பாலிபேக் (12 மார்ச்)

அக்கா சொன்னபடி பிஓ நம்பர், சீல் நம்பர், யுடிஆர் எல்லாம் போட்டு எக்ஸெல்லாக அனுப்பினேன். மறுநாளே அவர்கள் லெட்ஜர் வந்துவிட்டது! இத்தனை நாளாகக் கிடைக்காதது ஒரே நாளில் கிடைத்தது.

நேற்று இரவு மனைவி ஒரு லெட்ஜரை வாசிக்க, நான் இன்னொன்றில் டிக் அடித்தேன். பதினொன்றரைக்கு முடிந்தது. நின்றவை நான்கே நான்கு.

ஆரம்ப இருப்பே ஒத்துப்போகவில்லை. என் கணக்கில் 2,46,500, அவர்கள் கணக்கில் 2,15,230. வித்தியாசம் 31,270.

பிப்ரவரி 24 தேதியிட்ட என் பில் 1,18,000 அவர்கள் லெட்ஜரில் இல்லவே இல்லை.

நவம்பரில் "டெபிட் நோட், பிரிண்டிங் டிஃபெக்ட்" என்று 47,200 கழித்திருக்கிறார்கள். அப்படி ஒரு டெபிட் நோட் எனக்கு வரவே இல்லை.

அக்டோபர் 14-ல் எனக்கு 75,100 அனுப்பியதாக அவர்கள் காட்டுகிறார்கள். என் லெட்ஜரில் அது இல்லை.

கூட்டினால் சரியாக 2,71,570. கூட்டல் வந்ததும் மனசு கொஞ்சம் லேசானது, ஆனால் நான்கையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பழைய கணக்கர்

நல்லது. இனி இதை மொத்த வித்தியாசமாகப் பார்க்காதீர்கள், நான்கு தனித்தனிக் கேள்வி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளிடம் போகிறது.

75,100 உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யுடிஆர் நம்பரை வைத்து உங்கள் பேங்கில் பாருங்கள். அவர்களுக்கு சிஸ்டர் கன்சர்ன் ஏதாவது உண்டா, அதற்கும் நீங்கள் சப்ளை செய்கிறீர்களா?

1,18,000 பில்லைப் பற்றி அக்கவுண்ட்ஸைக் கேட்டால் தெரியாது. அவர்கள் ஸ்டோரில் சரக்கு வந்ததற்கான ஜிஆர்என் பதிவு போடாததால் பில் அக்கவுண்ட்ஸுக்கே போயிருக்காது. சீல் போட்ட டெலிவரி சலானின் போட்டோவை ஸ்டோருக்கு அனுப்புங்கள்.

47,200-க்கு மெர்ச்சண்டைசரைப் பிடிக்க வேண்டும். டெபிட் நோட்டின் காப்பியையும், எந்த பிஓ, எத்தனை கவர், சரக்கு இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

ஆரம்ப இருப்பு 31,270 கடைசி. அதற்கு 2023-24 லெட்ஜர் வேண்டும். 31,270-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 26,500 வருகிறது. மீதியில்லாமல் முழுத் தொகையாக வகுபட்டால், அது 18 சதவீத ஜிஎஸ்டியோடு போட்ட ஒரு டெபிட் நோட்டாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

திருப்பூர் பாலிபேக் (13 மார்ச்)

ஐயா, 75,100 கிடைத்துவிட்டது. அவர்களுக்கு ஒரு பிரிண்டிங் யூனிட் தனி பெயரில் இருக்கிறது, அதற்கும் கொஞ்சம் கவர் கொடுக்கிறேன். அக்டோபரில் பணம் அந்த யூனிட்டின் பேங்க் அக்கவுண்டில் இருந்து வந்திருக்கிறது. எங்கள் பையன் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருந்த பெயரைப் பார்த்து அந்த யூனிட் லெட்ஜரில் வரவு வைத்துவிட்டான். அந்த லெட்ஜர் அக்டோபரில் இருந்தே கிரெடிட் பாலன்ஸில் நிற்கிறது. பார்ட்டி எனக்குத் தர வேண்டியிருக்க, நான் பார்ட்டிக்குத் தர வேண்டியதாகக் காட்டுகிறது. ஐந்து மாசமாக நான் அதைக் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஜர்னல் போட்டு மாற்றிவிடவா?

பழைய கணக்கர்

மாற்றலாம். அதற்கு முன், "14.10.2024 அன்று எங்கள் யூனிட்டில் இருந்து அனுப்பிய தொகை மெயின் கம்பெனி பில்லுக்கு உரியது" என்று அந்த யூனிட்டிடம் ஒரு மெயில் வாங்கிவிடுங்கள். இரண்டும் தனித்தனி ஆள்தான். ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்குக்கு நீங்களாக மாற்றினால், நாளைக்கு அந்த யூனிட் "என் பணம் எங்கே" என்று கேட்கலாம்.

இன்னொன்று. டேலியில் அந்தப் பணத்தை மாற்றும்போது `On Account` என்று விட்டுவிடாதீர்கள், எந்த பில்லுக்கு என்று பார்த்து `Agst Ref` போடுங்கள். இல்லாவிட்டால் மொத்த பாக்கி சரியாக இருக்கும், ஆனால் பில்வாரி ஸ்டேட்மென்ட் எடுத்தால் அவர்கள் ஏற்கனவே தீர்த்த பழைய பில் இன்னும் திறந்தே நிற்கும். கொடுத்த பில்லை மறுபடி கேட்கிறோம் என்று பார்ட்டிக்குக் கோபம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கரூர் நெசவு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் விஷயமும் இதில் வருகிறது. வெளியூர் பார்ட்டி ஒருவர் 2021 ஜூலையில் பெட்ஷீட் சரக்கு 3,40,000-க்கு எடுத்தார். பணமே தரவில்லை. அலைந்து அலைந்து 2024 நவம்பரில் ஸ்டேட்மென்ட்டில் கையெழுத்து வாங்கினேன். அதுவும் முழுத் தொகைக்கு இல்லை. "2,90,000 மட்டும், மீதி தரக்குறைவு" என்று பேனாவால் எழுதி, முதலாளியே கையெழுத்திட்டு சீல் போட்டார். பில்லில் இருந்து மூன்று வருஷம் தாண்டிய பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது என்று என் நண்பர் சொல்கிறார். குறைத்து எழுதியதாலும் செல்லாது என்கிறார். எல்லாம் போச்சா?

சிஏ ஃபைனல் படிப்பவள்

மூன்று வருஷம் முடிவதற்குள் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஜூலை 2024-லேயே முடிந்துவிட்டதே அண்ணா. கஷ்டம்தான்.

பழைய கணக்கர்

பொறுங்கள் அம்மா. பொதுவிதி நீங்கள் சொன்னதுதான், ஆனால் இவருடைய பில் கொரோனா காலத்தில் வருகிறது. 15.03.2020 முதல் 28.02.2022 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இவருடைய மூன்று வருஷத்தை 01.03.2022-ல் இருந்து எண்ணினால் 2025 பிப்ரவரிக் கடைசி வரை போகிறது. நவம்பர் கையெழுத்து அதற்குள் வந்துவிட்டது. பில்லையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள், காலம் தாழ்த்த வேண்டாம்.

குறைத்து எழுதியதும் கெடுதல் இல்லை. ஒப்புதலோடு கூடவே "தரமாட்டேன்" என்றோ, "எனக்கு உங்களிடம் வரவேண்டியதைக் கழிக்க வேண்டும்" என்றோ எழுதியிருந்தாலும் அது ஒப்புதல்தான் என்று 18-ம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. கணக்கு இருக்கிறது, கடன் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. மீதி 50,000-க்கு அந்தத் தாள் எந்த அளவுக்கு உதவும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

பாலிபேக் தம்பி, இது உங்களுக்கும் பொருந்தும். நான்கும் தீரும் வரை கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே தாளில் இரண்டு பகுதியாக எழுதுங்கள்: ஒத்துக்கொண்ட தொகை ஒன்று, பேச்சில் இருக்கும் தொகை ஒன்று. முதல் பகுதிக்குக் கையெழுத்துப் போட அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்காது.

கரூர் நெசவு

ஐயா, நீங்கள் நல்லா இருக்கணும். திங்கட்கிழமையே வக்கீலைப் பார்க்கிறேன்.

எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்

ஐயா சொன்ன இரண்டு பகுதித் தாள் எங்கள் மேனேஜரிடமும் எடுபடும். முழுத் தொகைக்கு "சரி" என்று கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருந்தாலும், டெபிட் நோட் தகராறில் இருக்கும்போது பயப்படுவார். பகுதியாக இருந்தால் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவார். யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்டோர் கீப்பரோ டேட்டா என்ட்ரி பையனோ போட்டால் பிரயோஜனமில்லை. பெயர், பதவி, கம்பெனி சீல், தேதி நான்கும் வேண்டும்.

அப்புறம் பாலிபேக் தம்பி, உங்களிடம் எம்எஸ்எம்இ-க்கான உத்யம் பதிவு இருக்கிறதா? உற்பத்தி யூனிட் என்று இருந்தால் அந்த நம்பரை ஸ்டேட்மென்ட்டின் தலைப்பிலேயே போடுங்கள்.

திருப்பூர் பாலிபேக்

இருக்கிறது அக்கா, மைக்ரோ, உற்பத்தி. ஆனால் அவர்கள் பிஓ-வில் 90 நாள் கிரெடிட் என்று இருக்கிறதே?

எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்

90 என்று எழுதியிருந்தாலும் மைக்ரோ, சிறு யூனிட்டுக்குச் சட்டம் அனுமதிப்பது 45 நாள்தான். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். வருமான வரிச் சட்டம் 43B(h) வந்த பிறகு, அந்தக் கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கி நின்றால் அந்தச் செலவை இந்த வருஷம் கழிக்க முடியாது, பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்கலாம். அதனால் மார்ச் 20-க்கு மேல் எங்கள் ஆடிட்டரே எம்எஸ்எம்இ சப்ளையர் லிஸ்ட்டைக் கேட்டு வாங்கி, யாருக்கு முதலில் பணம் போட வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். நம்பர் தெரியாத சப்ளையர் அந்த லிஸ்ட்டில் வரவே மாட்டார்.

வாங்கி விற்பவர்களுக்கு இது கிடையாது, தயாரிப்பவர்களுக்கும் சர்வீஸ் செய்பவர்களுக்கும்தான்.

மெயிலில் மிரட்டல் தொனி வேண்டாம். தலைப்பில் உத்யம் நம்பரும், ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே எத்தனை நாள் ஆனது என்று காட்டும் ஒரு தனிக் கட்டமும் போதும். பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

திருப்பூர் பாலிபேக் (19 மார்ச்)

தாள் போய், கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது! ஃபைனான்ஸ் மேனேஜர், சீல், தேதி எல்லாம் இருக்கிறது. அனுப்பியது ஆங்கிலத்தில். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முக்கியமான பகுதியைத் தமிழில் தருகிறேன்.

"28.02.2025 தேதியில் எங்கள் லெட்ஜர்படி பாக்கி 8,64,310. இதில் 14.10.2024 யுடிஆர் வழி வந்த 75,100-ஐ உங்கள் கணக்கில் வரவு வைத்த பின் 7,89,210.

அ. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பாக்கி: 7,10,740. உங்கள் லெட்ஜர்படி 5,92,740, அதோடு உங்கள் கணக்கில் ஏறாத 24.02.2025 பில் 1,18,000. பில்வாரி விவரம் இணைப்பில்.

ஆ. பேச்சில் உள்ளது: 78,470. நவம்பர் 2024 டெபிட் நோட் 47,200, ஆரம்ப இருப்பு வித்தியாசம் 31,270. இவை பற்றிய இரு தரப்பு உரிமையும் அப்படியே இருக்கிறது."

பிப்ரவரி 24 பில் ஏன் ஏறவில்லை என்றால், அந்தச் சரக்கை டிரைவர் அவர்களுடைய இரண்டாவது ஃபேக்டரியில் இறக்கியிருக்கிறார். அங்கே செக்யூரிட்டி சீல் போட்டு வாங்கி வைத்தார்கள், பிஓ முதல் ஃபேக்டரி பெயரில் இருந்ததால் ஜிஆர்என் போட முடியவில்லை. சலான் போட்டோவைப் பார்த்ததும் ஸ்டோர்க்காரரே தேடி எடுத்துவிட்டார்.

பிரிண்டிங் விஷயம் கொஞ்சம் சிக்கல். கவரில் குழந்தைகளுக்கான மூச்சுத்திணறல் எச்சரிக்கை வாசகம் அடிக்க வேண்டும், பல மொழிகளில் சின்ன எழுத்தில் வரும். ஒரு லாட்டில் எழுத்து அழிந்து அழிந்து வந்தது உண்மைதான். மெஷினில் சிலிண்டர் தேய்ந்திருந்தது, பிறகு மாற்றினேன். விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கவரை எந்த பையரும் ஏற்க மாட்டார். அவர்கள் 20,000 கவர், கவருக்கு 2 ரூபாய் என்று 40,000-மும் ஜிஎஸ்டியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ரிட்டர்ன் சலான்படி என்னிடம் திரும்பி வந்தது 12,500 கவர்தான். மீதி 7,500 எங்கே என்றால் "அழித்துவிட்டோம்" என்கிறார் மெர்ச்சண்டைசர்.

பழைய கணக்கர்

திரும்பி வந்த 12,500-க்கு உடனே கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். 25,000-மும் ஜிஎஸ்டி 4,500-மும், ஆக 29,500. உண்மை என்று தெரிந்ததைப் பிடித்து வைக்காதீர்கள். சப்ளை 2024-25-ல் நடந்தது, அதனால் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் போட 2025 நவம்பர் 30 வரை அவகாசம் இருக்கிறது. ஆனாலும் இந்த மாசமே போட்டால் இரண்டு பேர் புத்தகமும் ஒரே வருஷத்தில் ஒத்துப்போகும்.

7,500-க்கு மெர்ச்சண்டைசர் அப்போதே உங்களுக்கு எழுத்தில் சொன்னாரா என்று பாருங்கள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் எம்எஸ்எம்இ சட்டம் எடுத்துக்கொள்கிறது.

சிஏ ஃபைனல் படிப்பவள்

ஐயா, அவர்கள்தான் ஏற்கனவே ஜிஎஸ்டியோடு டெபிட் நோட் போட்டுவிட்டார்களே. அதையே அண்ணா GSTR-1-ல் காட்டினால் போதாதா?

பழைய கணக்கர்

போதாது அம்மா. வாங்குபவர் போடுகிற டெபிட் நோட் அவருடைய புத்தகத்துக்கு மட்டும்தான். வரியைக் குறைக்க விற்றவர் கிரெடிட் நோட் போட்டு, அது GSTR-1-ல் ஏறி, அவர்களுடைய GSTR-2B-யில் தெரிய வேண்டும். அவர்களும் உங்கள் பில்லை வைத்துக் கழித்துக்கொண்ட இன்புட் வரியை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும்.

திருப்பூர் பாலிபேக் (22 மார்ச்)

29,500-க்குக் கிரெடிட் நோட் போட்டுவிட்டேன். பேச்சில் இருப்பது இப்போது 48,970.

7,500 கவருக்கு எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. வாட்ஸப்பில் ஒரு போட்டோ மட்டும் இருக்கிறது. லாட்டின் சரக்கு இறங்கி ஒன்பதாம் நாள், அழிந்த எழுத்தின் போட்டோ, கீழே "சார் ப்ளீஸ் செக்" என்று இரண்டே வார்த்தை. இதை எழுத்தில் ஆட்சேபம் என்று எடுத்துக்கொள்வதா?

31,270-க்கு விடை கிடைத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு பிஓ-வுக்கு கவருக்குப் பத்துப் பைசா குறைத்துத் திருத்திய பிஓ அனுப்பியிருக்கிறார்கள். நான் பழைய விலையிலேயே 2,65,000 கவருக்கு பில் போட்டுவிட்டேன். பத்துப் பைசா வீதம் 26,500, ஐயா சொன்ன அதே தொகை. தேடினால் அந்தத் திருத்திய பிஓ என் மெயிலில் படிக்காமலேயே கிடக்கிறது. ஆனால் அது 2023-24 சப்ளை. கிரெடிட் நோட் கெடு 2024 நவம்பர் 30-லேயே முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி 4,770 என் தலையில்தானா?

பழைய கணக்கர்

அவசரப்பட்டு ஏற்காதீர்கள். அந்த 4,770 வரியை நீங்கள் அரசுக்குக் கட்டிவிட்டீர்கள், உங்கள் முழு பில்லை வைத்து அவர்கள் அந்த 4,770-ஐ இன்புட்டாக எடுத்தும்விட்டார்கள். இப்போது நீங்கள் ஜிஎஸ்டி இல்லாமல் 26,500-க்கு மட்டும் கமர்ஷியல் கிரெடிட் நோட் கொடுத்தால், வரி கட்டியது கட்டியபடி இருக்கும், அவர்கள் எடுத்த இன்புட்டும் எடுத்தபடி இருக்கும். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் டெபிட் 31,270 இல்லை, 26,500-தான் என்று அவர்களுக்கு எழுதுங்கள்.

எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ்

ஐயா, ஒரு விஷயம். எங்களைப் போன்ற சில கம்பெனிகளில் டெபிட் நோட் போட்டதுமே சாஃப்ட்வேர் தானாக இன்புட்டைத் திருப்பி GSTR-3B-யில் காட்டிவிடும். அவர்கள் அப்படிச் செய்திருந்தால் 4,770 ஏற்கனவே அவர்கள் கையை விட்டுப் போயிருக்கும், உங்களிடம்தான் கேட்பார்கள். 2024 பிப்ரவரி, மார்ச் 3B-யில் திருப்பினார்களா என்று முதலில் கேளுங்கள்.

வாட்ஸப் போட்டோ பற்றி என் கருத்து: எங்கள் பக்கத்தில் நாங்கள் அதை ஆட்சேபமாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

ஈரோடு மஞ்சள்

இரண்டு வார்த்தையில் எத்தனை கவர் என்றே இல்லையே, அது எப்படி ஆட்சேபமாகும்? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், நானும் என் பழைய 15 நாள் லெட்டர்களை எடுத்துப் பார்த்தேன். பெரிய தொகை ஏழு பார்ட்டி இருக்கிறது. இந்த வாரம் எல்லோருக்கும் லெட்ஜரோடு இரண்டு பகுதித் தாள் அனுப்புகிறேன்.

திருப்பூர் பாலிபேக் (27 மார்ச்)

இன்று காலை 4,12,600 வந்தது, 45 நாள் தாண்டிய பில்கள் முழுவதும். யுடிஆரோடு எந்த பில்லுக்கு எவ்வளவு என்று அவர்களே பட்டியலும் அனுப்பியிருந்தார்கள், நான்கு பில்லுக்கும் `Agst Ref` போட்டுவிட்டேன்.

3B பற்றிக் கேட்டதற்கு, அவர்கள் ஜிஎஸ்டி பார்க்கும் ஆள் ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார். 7,500 கவருக்கு நேரில் வரச் சொன்னார்கள், சனிக்கிழமை போகிறேன். அந்தத் தேய்ந்த சிலிண்டரில் அடித்த சாம்பிளும் மாற்றியபின் அடித்த சாம்பிளும் கையோடு எடுத்துப் போகிறேன்.